30 படுக்கைக்கு 12 செவிலியர்: பணியாணையில் கையெழுத்திடும் முன் போட வேண்டிய கணக்கு

மருத்துவமனை நேர்முகத் தேர்வின் கடைசியில், "நீங்கள் ஏதாவது கேட்க வேண்டுமா?" என்று ஒரு கேள்வி வரும். பெரும்பாலானோர் சம்பளத்தையும் ஹாஸ்டலையும் கேட்டுவிட்டு எழுந்துவிடுவார்கள். கொஞ்சம் துணிந்தவர்கள், வார்டில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று கேட்பார்கள். அதற்கு, "எங்கள் மெடிக்கல் வார்டில் 30 படுக்கை, 12 நர்ஸ்" என்பது போன்ற ஒரு பதில் கிடைக்கும். இரண்டரை நோயாளிக்கு ஒரு செவிலியர் என்று மனம் உடனே வகுத்துப் பார்த்து நிம்மதி அடையும். சொன்னவர் பொய் சொல்லவில்லை. பன்னிரண்டு பேர் வருகைப் பதிவேட்டில் இருக்கிறார்கள். ஆனால் அதே வார்டில் இரவு இரண்டு மணிக்குப் போய் நின்றால் இரண்டு பேர்தான் இருப்பார்கள். தனியார் மருத்துவமனையில் சில ஆண்டுகள் பணிப்பட்டியல் போடும் வேலையில் இருந்தவள் என்ற முறையில், பன்னிரண்டு எப்படி இரண்டாகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். வேலை நேரம், இடையில் விலகினால் பணம் கட்டுவதாக எழுதிக் கொடுக்கும் பாண்ட் ஆகியவை பற்றிச் சொல்ல வேண்டியதெல்லாம் அந்தக் கணக்கிலிருந்தே வருகிறது.

பன்னிரண்டு பேரில் ஒருவர் வார்டு இன்சார்ஜ். அவர் பகலில் மட்டும் வருவார். நோயாளிகளை நேரடியாக ஒதுக்கிக்கொள்ள மாட்டார். மீதி பதினொன்று. ஒருவருக்கு ஆண்டில் 52 வார விடுமுறை, 12 தற்செயல் விடுப்பு, ஈட்டிய விடுப்பும் நோய் விடுப்பும் சேர்ந்து 15, தேசிய விடுமுறைகளும் பண்டிகைகளும் 10 என்று வைத்துக்கொண்டால், 89 நாள் அவர் வார்டில் இருக்க மாட்டார். 276 நாள் இருப்பார். பதினொரு பேரின் 276 நாட்களைக் கூட்டினால் 3,036. அதை 365 ஆல் வகுத்தால், ஒரு நாளைக்கு வேலைக்கு வரக்கூடியவர்கள் எட்டே கால் பேர். இந்த எட்டுப் பேரைத்தான் காலை, மாலை, இரவு என்று மூன்றாகப் பிரித்தாக வேண்டும். டாக்டர் ரவுண்ட்ஸ், டிஸ்சார்ஜ், புதிய அட்மிஷன் என்று எல்லாம் காலையில் குவிவதால் காலைக்கு நான்கு பேரை வைத்தால், மாலைக்கு இரண்டும் இரவுக்கு இரண்டும்தான் மிஞ்சும். அதாவது காலையில் ஏழரைக்கு ஒருவர், மற்ற இரண்டு வேளையிலும் பதினைந்துக்கு ஒருவர்.

தரநிலை என்ன சொல்கிறது என்று பார்ப்பவர்களும் இங்கேதான் வழுக்குகிறார்கள். கல்லூரியில் எல்லோரும் எழுதித் தேறிய நர்சிங் கவுன்சிலின் பழைய தரநிலையில், பொது வார்டுக்கு 1:3 என்று இருக்கும். மூன்று நோயாளிக்கு ஒருவர் எப்போதும் நிற்பார் என்று அதைப் படிப்பது தவறு. மூன்று வேளைக்கும் சேர்த்து மூன்று படுக்கைக்கு ஒருவர், அதாவது ஒரு வேளைக்கு ஒன்பது படுக்கைக்கு ஒருவர், அதற்கு மேல் விடுப்பில் இருப்பவர்களின் இடத்தை நிரப்ப 30 விழுக்காடு கூடுதல் ஆட்கள் என்பதே அதன் பொருள். 30 படுக்கைக்கு அந்தக் கணக்கில் பத்தும், அதில் 30 விழுக்காடான மூன்றும் சேர்ந்து பதின்மூன்று வரும். ஆகவே பன்னிரண்டு பேரை வைத்திருக்கும் மருத்துவமனை, 'தரநிலைக்கு ஒன்றுதான் குறைவு' என்று மனசாட்சி உறுத்தாமல் சொல்லிக்கொள்ள முடியும். அதே வார்டில் இரவில் ஒருவர் பதினைந்து பேரைப் பார்த்துக்கொண்டிருக்கவும் முடியும்.

தரச்சான்று பெற்ற மருத்துவமனைகள் மேற்கோள் காட்டும் 'வார்டில் ஆறுக்கு ஒன்று' என்பது ஒவ்வொரு வேளைக்கும் உரியது என்று எடுத்துக்கொண்டால் கதையே மாறிவிடும். வேளைக்கு ஐந்து, நாளைக்குப் பதினைந்து. அந்தப் பதினைந்து பேரை ஆண்டு முழுவதும் நிறுத்த 365-ஐ 276 ஆல் வகுத்து வரும் 1.32 ஆல் பெருக்க வேண்டும். இருபது பேர், இன்சார்ஜோடு இருபத்தொன்று. கவுன்சில் சொல்லும் 30 விழுக்காடு எங்கிருந்து வந்தது என்பதும் இந்த 1.32-இல் தெரிந்துவிடுகிறது. எனவே ஒரு விகிதத்தை யார் சொன்னாலும், அது மொத்த ஆளுக்கா, ஒரு வேளைக்கா, அந்த வேளையும் காலையா இரவா என்று கேட்காமல் அதை மதிப்பிட முடியாது. தீவிர சிகிச்சைப் பிரிவில் இந்தக் குழப்பம் குறைவு. வென்டிலேட்டரில் இருப்பவருக்கு ஒருவர், மற்றவர்களில் இருவருக்கு ஒருவர் என்பது படுக்கையருகே நிற்கும் ஆளைத்தான் குறிக்கிறது; அங்கே ஒரே செவிலியர் இரண்டு வென்டிலேட்டருக்கு நடுவில் நின்றால் வேறு விளக்கம் எதுவும் தேவையில்லை.

பதினொரு பேர் என்ற எண்ணும் முழுதாக நிற்பதில்லை. மருத்துவமனையோடு கல்லூரியும் இருந்தால், மூன்றாம் ஆண்டு, நான்காம் ஆண்டு மாணவிகள் வார்டில் ஆட்களாகவே எண்ணப்படுவதுண்டு. தேர்வு விடுமுறை வந்ததும் வார்டு காலியாகும்போதுதான் அது வெளியே தெரியும். ஐ.சி.யூ.வில் ஆள் குறைந்தால் வார்டிலிருந்து ஒருவரைத் தூக்கிப் போடுவார்கள். பட்டியலில் அவர் பெயர் வார்டிலேயே இருக்கும். இவற்றைவிடப் பெரிய ஓட்டை, புதிதாகச் சேர்ந்தவர்கள். தனியாக இரவு வேலை பார்க்க ஒரு புதியவருக்கு மூன்று மாதமாவது ஆகும். அதுவரை அவர் இன்னொருவரின் நிழலில் இருப்பவர். ஆனால் சேர்ந்த நாளிலிருந்தே அவர் 'பன்னிரண்டில் ஒருவர்'.

எனவே நேர்முகத் தேர்வில் கிடைக்கும் பதிலைவிட நம்பத்தக்கது, நர்சிங் ஸ்டேஷன் சுவரில் ஒட்டியிருக்கும் பணிப்பட்டியல். "வார்டை ஒருமுறை பார்க்கலாமா?" என்று கேட்பதில் தவறில்லை; நல்ல மருத்துவமனைகள் தாமே அழைத்துச் சென்று காட்டும். அங்கே நிற்கும் ஐந்து நிமிடத்தில் மூன்று இடங்களைப் பார்த்தால் போதும். இன்றைய தேதிக்கான கட்டத்தில் மேலிருந்து கீழாக இரவைக் குறிக்கும் எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ண வேண்டும். அதுதான் இரவின் உண்மையான பலம். பிறகு ஒரு பெயரை எடுத்துக்கொண்டு இடமிருந்து வலமாகப் போக வேண்டும்; எத்தனை இரவு தொடர்ந்து வருகிறது, அதன்பின் எத்தனை நாள் ஓய்வு என்பது தெரியும். மூன்றாவது, திருத்தங்கள். ஓய்வுக் கட்டத்தை அடித்துவிட்டு மேலே பேனாவால் வேறு எழுத்து எழுதியிருப்பது, இரட்டை வேலையைக் குறிக்கும் 'டிடி' வாரத்துக்கு நான்கைந்து முறை தலைகாட்டுவது, வெள்ளை மை பூசிப் பூசிக் காகிதமே தடித்துக் கிடப்பது ஆகியவை அந்த வார்டில் ஆள் பற்றாக்குறை என்றைக்கோ ஒருநாள் வருவதல்ல, தினசரி வாழ்க்கை என்பதைக் காட்டும். நான் போட்ட பட்டியல்களில் சில அப்படித்தான் இருந்தன. இரண்டு பேர் ஒரே மாதத்தில் விலகிப் போனால் ஒன்பது பேர் மிஞ்சுவார்கள். ஒரு நாளைக்குக் கிடைப்பவர்கள் ஏழுக்கும் குறைவு. மூன்று, இரண்டு, இரண்டு என்று வைத்தாலே ஏழு ஆகிவிடும். அந்தக் குறைபாட்டை யாராவது ஒருவரின் ஓய்வு நாளிலிருந்துதான் எடுக்க முடியும். எடுத்தது நான்தான், அதை மறைத்துப் பயனில்லை.

ஆறு மணி நேர வேலை என்ற மாயை

நாட்டின் பல தனியார் மருத்துவமனைகளில் வேலை நேரம் 6, 6, 12 என்ற முறையில் ஓடுகிறது: காலை ஆறு மணி நேரம், மாலை ஆறு மணி நேரம், இரவு பன்னிரண்டு மணி நேரம். விளம்பரத்தில் 'ஆறு மணி நேர ஷிஃப்ட்' என்று மட்டும் இருந்தால் மிக எளிதாகத் தோன்றும். எளிதா இல்லையா என்பதை முடிவு செய்வது, மாதத்தில் எத்தனை இரவு என்ற ஒரே கேள்வி.

நான்கு வாரத்தை, அதாவது 28 நாளை எடுத்துக்கொள்வோம். முதல் மருத்துவமனையில் ஏழு இரவு, அதன்பின் இரண்டு நாள் நைட் ஆஃப், மீதி நாட்களில் மூன்று வார விடுமுறை, பதினாறு பகல் வேலை. இரவுகள் 84 மணி, பகல்கள் 96 மணி. மொத்தம் 180, வாரத்துக்கு 45 மணி நேரம். இரண்டாவது மருத்துவமனையில் பதினான்கு இரவு, ஓய்வு மொத்தமே நான்கு நாள், பத்துப் பகல் வேலை. இரவுகள் 168 மணி, பகல்கள் 60 மணி. மொத்தம் 228, வாரத்துக்கு 57 மணி நேரம். இரண்டு மருத்துவமனையும் '6-6-12 ஷிஃப்ட், வார விடுமுறை உண்டு' என்று ஒரே வாசகத்தைத்தான் விளம்பரத்தில் போடும். வித்தியாசம் நான்கு வாரத்துக்கு 48 மணி நேரம், அதாவது எட்டுப் பகல் ஷிஃப்ட். ஆள் குறைந்த வார்டில் இரவுகள் ஏன் கூடுகின்றன என்பதை மேலே பார்த்த கணக்கே சொல்லும்: இரவுக்கு இரண்டு பேர் கட்டாயம் வேண்டும், அவர்களைச் சுற்றிக் கொடுக்க ஆள் குறைவு, எனவே ஒவ்வொருவருக்கும் முறை சீக்கிரம் திரும்பி வரும்.

பட்டியலில் வராத நேரமும் உண்டு. காலை ஏழரைக்கு இரவு வேலை முடிகிறது என்றால், முப்பது நோயாளிகளின் நிலையையும் ஒவ்வொருவராகச் சொல்லி ஒப்படைத்து, போதை மருந்துப் பதிவேட்டையும் எமர்ஜென்சி டிராலியையும் எண்ணிக் கையெழுத்து வாங்கி வெளியே வர எட்டேகால் ஆகும். இந்த முக்கால் மணி நேரம் எங்கும் கணக்கில் இல்லை. 'கை மாற்றும் நேரம் ஷிஃப்டுக்குள் வருகிறதா, வெளியிலா' என்று கேட்டால் மேலாளர் சற்றுத் தயங்குவார்; தயங்குவதே ஒரு பதில்.

எட்டு மணி நேர முறை வைத்திருக்கும் இடங்களில் வேறொரு சிக்கல். இரவு பத்து மணிக்கு மாலை வேலையை முடித்தவரை மறுநாள் காலை ஆறு மணிக்குப் போட்டால், வீட்டுக்குப் போய்த் திரும்பும் நேரத்தையும் சேர்த்து இடைவெளி எட்டு மணி நேரம். செவிலியர் பணி பற்றிப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1977-இல் வெளியிட்ட பரிந்துரை, இரண்டு வேலைகளுக்கு நடுவே தொடர்ச்சியாகப் பன்னிரண்டு மணி நேர ஓய்வு வேண்டும் என்கிறது. அது நம்மைக் கட்டுப்படுத்தும் சட்டமல்ல. ஆனாலும் பட்டியலில் ஒருவர் பெயருக்கு நேரே மாலைக்கு அடுத்த கட்டத்தில் காலை எத்தனை முறை வருகிறது என்று பார்ப்பதற்கு அது நல்ல அளவுகோல். பட்டியல் போடுபவருக்குத் திறமை இருக்கிறதா என்பதைக்கூட அதில் கண்டுபிடித்துவிடலாம். ஆள் குறைவாக இருந்தாலும் அந்தச் சேர்க்கையைத் தவிர்க்க முடியும், சோம்பலால்தான் அது நடக்கிறது.

ஆய்வக டெக்னீஷியன், ரேடியோகிராபர், டயாலிசிஸ் டெக்னீஷியன் போன்றோருக்கு விகிதக் கணக்கு இப்படி வராது, ஏனென்றால் இரவில் அவர்கள் பெரும்பாலும் ஒற்றை ஆள். அவர்கள் கேட்க வேண்டியது, நான் லீவு போட்டால் என் இடத்தில் நிற்பவர் யார் என்பதைத்தான். 'இன்னொருவர் இருக்கிறார்' என்றால் இரண்டு பேரே ஆண்டு முழுவதையும் பங்கிட்டுக்கொள்கிறார்கள் என்று பொருள். ஒருவர் விலகினால் மற்றவருக்கு ஓய்வே இல்லை. 'ஆன்-கால்' என்ற சொல்லையும் பிரித்துக் கேட்க வேண்டும்: வீட்டிலிருந்து அழைப்புக்கு வருவதா, மருத்துவமனைக்குள்ளேயே தங்குவதா, இரவு மூன்று முறை எழுப்பப்பட்டாலும் காலையில் வழக்கம்போல் வேலையா. டயாலிசிஸில் ஒருவர் எத்தனை இயந்திரத்தைப் பார்க்கிறார் என்பதைவிட, அவற்றில் எத்தனையை ஒரே நேரத்தில் இணைத்து ஒரே நேரத்தில் கழற்றுகிறார்கள் என்பது முக்கியம். நடுவில் இருக்கும் மணி நேரங்களில் நான்கைச் சமாளிப்பவர், இரண்டு பேருக்கு ஒருசேர இரத்த அழுத்தம் இறங்கும்போது சமாளிக்க முடியாது.

ரேடியோகிராபருக்கு இன்னும் எளிதான ஒரு சோதனை இருக்கிறது. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதிப்படி கதிர்வீச்சுப் பணியாளர் ஒவ்வொருவருக்கும் அவர் பெயரில் டி.எல்.டி. பேட்ஜ் இருக்க வேண்டும். அது மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆய்வுக்கு அனுப்பப்பட்டு, அவர் பெற்ற கதிர்வீச்சு அளவு எழுத்தில் திரும்பி வரும். ஐந்தாண்டுச் சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட், எந்த ஓர் ஆண்டிலும் 30 என்பது வரம்பு. 'ஆறு மாதம் போகட்டும், பிறகு உங்கள் பெயரில் வாங்கலாம்' என்றோ, விலகிப்போனவரின் பேட்ஜை மாட்டிக்கொள்ளச் சொன்னாலோ, அந்த இடம் மற்ற விதிகளை எப்படி வைத்திருக்கும் என்று தனியாக விசாரிக்க வேண்டியதில்லை.

பாண்ட் எதற்காக?

ஒரு மருத்துவமனை ஏன் பாண்ட் கேட்கிறது என்பதை அதன் பக்கத்திலிருந்தும் பார்க்க வேண்டும். வெளிநாட்டு வேலைக்கும் பெரிய மருத்துவமனைகளுக்கும் ஓராண்டு அல்லது இரண்டாண்டு அனுபவச் சான்று வேண்டும். அதனால் சேர்பவர்களில் பலர், அந்தச் சான்று கைக்கு வரும் மாதத்தை எண்ணிக்கொண்டே சேர்கிறார்கள். மூன்று மாதம் செலவழித்துப் பழக்கியவர் பதின்மூன்றாம் மாதத்தில் போய்விடுவதைத் தடுக்க மருத்துவமனை இரண்டு ஆண்டு பாண்ட் போடுகிறது. இதில் அநியாயம் எதுவும் இல்லை. ஆனால் பாண்டை மட்டுமே நம்பி ஆட்களை நிறுத்தும் வார்டில் என்ன நடக்கும் என்று பாருங்கள்: பதினொரு பேரும் 24 மாதம் முடிந்ததும் போய்விடுவார்கள் என்றால், ஏறக்குறைய இரண்டு மாதத்துக்கு ஒருவர் போவார், ஒருவர் வருவார். புதியவர் தேற மூன்று மாதம் ஆகும் என்பதால் எந்த நேரத்திலும் ஒருவரோ இருவரோ தனியாக விடப்பட முடியாத நிலையில் இருப்பார்கள். பதினொன்று ஒன்பதரையாகிறது. ஆகவே பாண்டின் காலத்தைவிட நான் முதலில் கேட்கச் சொல்வது, 'இந்த வார்டில் மூன்றாண்டு முடித்தவர்கள் எத்தனை பேர்?' என்பதே. பாண்ட் முடிந்த பிறகும் தங்கியிருப்பவர்கள்தான் மருத்துவமனைக்குக் கிடைக்கும் உண்மையான சான்றிதழ். இரவு வேலையில் இருக்கும் இருவரில் மூத்தவர் சேர்ந்தே எட்டு மாதம்தான் ஆகிறது என்றால், உங்களுக்கும் எட்டாம் மாதத்தில் அந்த நாற்காலி காத்திருக்கிறது.

இதே காரணத்தால் வேலை தேடும்போது விளம்பரங்களையும் சேர்த்து வைத்துப் படிக்கலாம். 'உடனடித் தேவை: 50 ஸ்டாஃப் நர்ஸ்' என்று ஒரு மருத்துவமனை புதிய கட்டடம் திறக்கும்போது விளம்பரம் கொடுத்தால் அது விரிவாக்கம். கட்டடமும் படுக்கையும் அப்படியே இருக்க, மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதே ஐம்பது பேரைத் தேடினால் அது ஒழுகும் குடம். அங்கிருந்து சமீபத்தில் விலகிய சீனியர் ஒருவரிடம், ஏன் விலகினீர்கள் என்பதைவிட, விலகும்போது அனுபவச் சான்றும் கடைசி மாதச் சம்பளமும் எத்தனை நாளில் கைக்கு வந்தன என்று கேட்டால் தெளிவான பதில் வரும். வேலை வாங்கித் தருவதற்காக உங்களிடமே பணம் கேட்கும் கன்சல்டன்சியைத் தாண்டிப் போய்விடலாம். ஆள் தேவைப்படும் மருத்துவமனைதான் அவர்களுக்குக் கட்டணம் தர வேண்டும்.

இப்போது பாண்டின் வாசகம். 'பாண்டெல்லாம் செல்லாது, கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடு' என்று ஹாஸ்டல் அறைகளில் சொல்லப்படும் அறிவுரை ஆபத்தானது. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு, ஒருவர் தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது. ஆனால் வேலையில் இருக்கும் காலத்துக்குள் குறைந்தபட்சச் சேவைக்காலம் நிர்ணயிப்பது அந்தத் தடையில் வராது என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் விஜயா வங்கி வழக்கில் தீர்ப்பளித்தது. மூன்றாண்டு முடிப்பதற்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் என்ற நிபந்தனை அந்த வழக்கில் நிலைத்தது. அது பொதுத்துறை வங்கி. ஆள் தேர்வுக்கே பெருஞ்செலவும் நீண்ட நடைமுறையும் உடையது. அந்த அதிகாரியின் சம்பளத்தோடு ஒப்பிடும்போது தொகை பெரிதல்ல என்பதையெல்லாம் நீதிமன்றம் கருத்தில் கொண்டது. நேர்முகத் தேர்வு அன்றே வேலைக்குச் சேர்த்துக்கொள்ளும் தனியார் மருத்துவமனை அதே நியாயத்தை அப்படியே எடுத்துக்கொள்ள முடியுமா என்பது வாதத்துக்கு உரியது. ஆனால் வாதம் செய்யப் போவது நீங்கள்தான், நீதிமன்றத்தில், உங்கள் செலவில்.

மறுபக்கத்தில், தொகை எழுதியிருப்பதாலேயே முழுத் தொகையும் மருத்துவமனைக்குச் சேர்ந்துவிடாது. அதே சட்டத்தின் 74-ஆம் பிரிவின்படி எழுதப்பட்ட தொகை உச்ச வரம்பு மட்டுமே. அதற்குள் நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும். தனிமனித உழைப்பைச் சார்ந்த ஒப்பந்தத்தில், மீதிக் காலத்தையும் வேலை பார்த்தே தீர வேண்டும் என்று நீதிமன்றம் ஒருவரைக் கட்டாயப்படுத்துவதும் இல்லை. ஆகவே சட்டப்படி மருத்துவமனையின் கையில் இருப்பது, வழக்குப் போட்டு ஒரு தொகையைக் கேட்கும் உரிமை மட்டும். அந்த நீண்ட வழியைச் சுருக்கத்தான் பல இடங்களில் ஒரிஜினல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். கல்விச் சான்றிதழ் என்பது விற்பனைப் பண்டமல்ல, கடனுக்குப் பிணையாகப் பிடித்து வைத்துக்கொள்ள முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் கூறியிருக்கிறது. 2011-லும் 2012-லும் மும்பை, டெல்லி, கேரளம் என்று செவிலியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது, சம்பளத்தோடு சேர்ந்து ஒலித்த கோரிக்கைகள் இந்தப் பாண்டும் சான்றிதழும்தான். ஒரிஜினலைச் சரிபார்த்துவிட்டு அன்றே திருப்பித் தருவது வேறு. வைத்துக்கொண்டு ரசீதும் தராமல் இருப்பது வேறு. இரண்டாவதை நான் எந்தச் சம்பளத்துக்காகவும் ஏற்றுக்கொள்ளச் சொல்ல மாட்டேன். நிரப்பாமல் கையெழுத்து மட்டும் போட்ட காசோலை அதைவிட மோசம். அது பணமில்லாமல் திரும்பினால் பேச்சு பாண்டிலிருந்து குற்ற வழக்குக்கு மாறிவிடும்.

பாண்ட் வாசகத்தில் நேர்மையை அளக்க ஒரே இடம் போதும்: தொகை மாதந்தோறும் குறைகிறதா? இரண்டாண்டுக்கு ஒரு லட்சம் என்று எழுதியிருக்கிறது, நீங்கள் பதினான்கு மாதம் முடித்து விலகுகிறீர்கள் என்று கொள்வோம். குறையும் முறையில், மீதி பத்து மாதத்துக்கு 24-இல் 10 பங்கு, அதாவது 41,667 ரூபாய். குறையாத முறையில், இருபத்து மூன்றாம் மாதத்தில் போனாலும் முழு ஒரு லட்சம். பழக்கிய செலவை மீட்பதுதான் நோக்கம் என்றால், நீங்கள் உழைத்த ஒவ்வொரு மாதமும் அதில் ஒரு பகுதியைத் திருப்பித் தந்துவிட்டது. தொகை குறைந்தே ஆக வேண்டும். குறையவில்லை என்றால் அது செலவுக் கணக்கல்ல, கால்கட்டு. மருத்துவமனையே நீக்கினாலும் தொகை கட்ட வேண்டுமா, மகப்பேறு விடுப்பும் நோய் விடுப்பும் பாண்ட் காலத்தில் சேருமா அல்லது அத்தனை மாதம் பாண்ட் தள்ளிப் போகுமா, பாண்ட் போக அறிவிப்புக் காலம் தனியா என்பவை அடுத்த வரிகள். பயிற்சிக் காலத்தின் ஆறு மாதம் பாண்ட் கணக்கில் வராது என்று சிறிய எழுத்தில் ஒரு வரி இருந்தால், இரண்டாண்டு பாண்ட் உண்மையில் இரண்டரை ஆண்டு.

சென்ற ஆண்டு என் அக்கா மகள் இரண்டு பணியாணைகளோடு வந்தாள். ஒன்றில் மாதம் 18,000 ரூபாய், இரண்டாண்டு பாண்ட், ஒரு லட்சம், குறையாது. மற்றொன்றில் 16,000, ஓராண்டு பாண்ட், 40,000. முதல் இடத்தில் இரண்டு வாரம் இரவு என்றும் இரண்டாவதில் ஒரு வாரம் என்றும், வார்டைப் பார்க்கப் போனபோதே கேட்டு வைத்திருந்தாள், அங்கிருந்த சிஸ்டரிடம் தனியாக, "நைட்ல எத்தனை பேர் இருப்பீங்கக்கா?" என்று கேட்டதற்கு, முதல் இடத்தில் அவர் விரல் இரண்டைக் காட்டிவிட்டு, "சில நாள் ஒண்ணு" என்றாராம். "சித்தி, ரெண்டாயிரம் கம்மியாச்சே" என்று அவள் தயங்கினாள். இருவரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். வாரத்துக்கு 57 மணி நேரம் என்றால் மாதத்துக்கு ஏறக்குறைய 247 மணி. 18,000-ஐ வகுத்தால் மணிக்கு 73 ரூபாய். 45 மணி நேரம் என்றால் மாதத்துக்கு 195 மணி. 16,000-ஐ வகுத்தால் மணிக்கு 82 ரூபாய். கூடுதலாகத் தெரிந்த இரண்டாயிரத்துக்கு விலை, மாதம் 52 மணி நேரம்.

இரண்டு சம்பளமுமே குறைவுதான் என்பதையும் சொல்ல வேண்டும். உச்ச நீதிமன்றத்தின் 2016-ஆம் ஆண்டு உத்தரவின்படி அமைக்கப்பட்ட குழு, 50 படுக்கைக்குக் கீழ் உள்ள தனியார் மருத்துவமனைகூட 20,000 ரூபாய்க்குக் குறையாமல் தர வேண்டும் என்றும், 200 படுக்கைக்கு மேற்பட்டவை அரசுச் செவிலியருக்கு இணையாகத் தர வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. அதை நடைமுறைப்படுத்தும் பொறுப்பு மாநிலங்களிடம் போனது. விரல்விட்டு எண்ணக்கூடிய இடங்களைத் தவிர அந்த எண்கள் காகிதத்திலேயே இருக்கின்றன. அரசுத் தேர்வு வாரியத் தேர்வுக்கும் எய்ம்ஸ் நடத்தும் நார்செட் தேர்வுக்கும் படித்துக்கொண்டே தனியாரில் வேலை பார்ப்பவர்களுக்கு, பாண்ட் காலமும் இரவுகளின் எண்ணிக்கையும் சம்பளத்தைவிடப் பெரிதாகத் தெரிவது இதனால்தான்.

இரண்டாவது மருத்துவமனையின் பாண்டிலும் தொகை குறையும் என்ற வரி இல்லை. சேரும் முன் அதை மட்டும் மின்னஞ்சலில் கேட்கச் சொன்னேன். நான்கு நாள் பதில் இல்லை. அவள் வேலை போய்விட்டது என்றே நினைத்தாள். ஐந்தாம் நாள் திருத்திய படிவம் வந்தது: 'முடித்த ஒவ்வொரு மாதத்துக்கும் பன்னிரண்டில் ஒரு பங்கு கழிக்கப்படும்.' ஒரிஜினல் சான்றிதழ்களைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. சேரும் நாளில் சரிபார்ப்பதற்காகக் கேட்டார்கள். அலுவலக மேசைக்கு எதிரிலேயே அவள் உட்கார்ந்திருக்க, நகல் எடுத்துக்கொண்டு பத்து நிமிடத்தில் கையில் கொடுத்துவிட்டார்கள்.